எட்டு அலாரம், ஐந்து ஹெச்.பி.

என் வாழ்க்கையில் என்னை இருபது பேர் முன்னால் முதன்முதலில் அவமானப்படுத்தியது ஒரு எக்ஸெல் கட்டம்.

சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகிற சாலையில் ஒரு சின்னப் பயிற்சி மையம். அதில் விவசாயத்தில் சூரிய சக்தி பற்றி ஆறு வார வகுப்பு எடுக்க என்னைச் சேர்த்திருந்தார்கள். அதற்கு முன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் யாரோ எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தேன். குற்றம் கண்டுபிடிப்பது எனக்கு இயல்பாகவே வரும் என்று என் கணவர் சொல்லுவார். மின்பொறியியல் படித்துவிட்டு இதற்கா வந்தோம் என்ற எரிச்சலில் ஒருநாள் வேலையை விட்டேன். மையத்தின் டைரக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் ஆறு வார வகுப்பு முடிவதற்குள் ஒரு நிஜ விவசாயியின் தோட்டத்தில் மாணவர்களே கணக்குப் போட்டு ஒரு சோலார் பம்பு ஓட வேண்டும்.

நான் அசரவில்லை. என்னிடம் எக்ஸெல் இருந்தது.

விவசாயியும் கிடைத்தார். ஆனேக்கலுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டி இரண்டு ஏக்கர். ஒன்றில் ரோஜா, ஒன்றில் சேவந்தி. அறுபதை நெருங்கும் மனிதர், முறுக்கிய மீசை. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். தினமும் விடியற்காலை நாலு மணிக்குப் பூ மூட்டையோடு சிட்டி மார்க்கெட்டுக்கு வண்டி ஏறிவிடுவார். அவராகவே வந்து என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தாராம்.

"அது ரொம்ப ஈஸி" என்றேன். திரையில் கணக்கைப் போட்டேன். அரசு மானியம் போக அவர் கையிலிருந்து போடும் பங்கு மேலே. பம்பு வந்த பிறகு வருஷத்துக்கு மிச்சமாகும் கரண்டு பில் கீழே. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் வருஷம் வந்துவிடும்.

"அண்ணா, வருஷத்துக்குக் கரண்டு பில் எவ்வளவு கட்டுறீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். நம்ம ஸ்டேட்ல விவசாய மோட்டாருக்குக் கரண்டு ஃப்ரீ."

எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் அந்தத் தாளை வேறெங்கோ தயார் செய்தவர்கள் அனுப்பியிருந்தார்கள், நான் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். கை தன் பாட்டுக்குப் பூஜ்யத்தைத் தட்டிவிட்டது. ஒரு லட்சத்துச் சொச்சத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னதும் எக்ஸெல் கோபித்துக்கொண்டு, திரை முழுக்கத் தெரிகிற மாதிரி பிழைச் செய்தி காட்டியது.

"அப்போ எத்தனை வருஷம் மேடம்?" என்று அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார்.

முன் பெஞ்சிலிருந்து ஒருவர் கனைத்தார். ஜோகுபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். வயது ஐம்பதுக்கு மேல். எல்லோரும் சோலாருக்குப் போய்விட்டால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்று பார்க்க, பணம் கட்டி வகுப்பில் சேர்ந்தவர். அவரை நாங்கள் காயில்காரர் என்றே கூப்பிடுவோம்.

"கரண்டு ஃப்ரீதான் குரு. மோட்டாரு ஃப்ரீயா? வருஷத்துல எத்தினி வாட்டி எரியுது, அத்தச் சொல்லு."

"ரெண்டு வாட்டி. வோல்டேஜ் டவுன் ஆவுது, எரிஞ்சி போவுது."

"காயில் கட்ட ஆறாயிரம். மோட்டார மேல தூக்க, கீழ எறக்க மூவாயிரம். ரெண்டு வாட்டின்னா பதினெட்டாயிரம். அத்தக் கீழ போடுங்க மேடம்."

போட்டேன். எக்ஸெல் சமாதானமானது. அன்றைய வகுப்பில் நான் சொல்லித்தந்த பாடம் இதுதான்: டீசல் என்ஜின் வைத்திருப்பவருக்கு டீசல் மிச்சம், காசு சீக்கிரம் திரும்பும். கரண்டு லைன் இல்லாதவருக்கு லைன் இழுக்கும் செலவு மிச்சம். இலவசக் கரண்டுக்காரருக்கு என்ன மிச்சம் என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். இதை ஏதோ நானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். காயில்காரர் பெரிய மனது பண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மையத்தின் வேனில் தோட்டத்துக்குப் போனோம். வேன் டிரைவருக்கு ஒரே ஒரு கொள்கை. எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகள் விடுவதற்குள் அந்தச் சாலையைத் தாண்டிவிட வேண்டும். அதற்காகக் காலை பதினோரு மணியிலிருந்தே ஹாரன் அடிப்பார்.

அங்கேதான் விவசாயியின் மனைவியைப் பார்த்தேன். ஒடிசலான உடம்பு, கண்ணுக்குக் கீழே மை பூசியது மாதிரிக் கருவளையம். பேசும்போதே பாதியில் கொட்டாவி வரும். அதைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்வார். அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மேடம், இது வந்தா பகல்லயே தண்ணி எல்லாம் பாஞ்சிடுமா? ராத்திரி எழுந்திரிக்க வேணாமா?"

மோட்டார் ஓடத் தேவையான மூன்று ஃபேஸ் கரண்டு அவர்களுக்குப் பகலில் மூன்று மணி நேரம், நள்ளிரவிலிருந்து நாலு மணி நேரம். பகல் கரண்டை மட்டும் நம்பினால் பாதித் தோட்டம் காயும். கணவர் மார்க்கெட்டுக்குப் போகத் தூங்கியாக வேண்டும். ஆகவே பதினோரு வருஷமாக இரவு மோட்டார் இவர் பொறுப்பு.

"வேணாம்க்கா. பம்பு வந்த அன்னிக்கு ராத்திரியே நீங்க நிம்மதியா தூங்கலாம். நான் கேரண்டி."

கேரண்டி என்ற சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன். அந்த அம்மாள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் இன்னும் இரண்டு கேரண்டி கொடுக்கலாமா என்றிருந்தது.

மாணவர்கள் கணக்கை ஆரம்பித்தார்கள். கோடையின் உச்சத்தில் இரண்டு ஏக்கர் பூவுக்கும் சொட்டுநீரில் நாளைக்கு முப்பதாயிரம் லிட்டர் வேண்டும். போர்வெல்லில் தண்ணீர் நூற்றுப்பத்து அடியில் நிற்கிறது. பம்பு ஓடினால் இன்னும் எழுபது அடி இறங்கும் என்று வைத்தோம். மேலே தொட்டிக்கு ஏற்றும் உயரம், குழாயில் உராய்வு எல்லாம் சேர்த்தால் அறுபது மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்க ஐந்து யூனிட் போதும். ஆனால் மோட்டாரும் பம்பும் நடுவில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால் பன்னிரண்டு யூனிட் தர வேண்டும். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் தூசி, சூடு எல்லாம் போக நாளைக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கும். ஆக மூன்று கிலோவாட் பேனல், மூன்று ஹெச்.பி. பம்பு. அழகாக வந்தது.

மிச்சம் ஒன்றுதான். போர்வெல் எவ்வளவு கொடுக்கும் என்று அளக்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்குக் கரண்டு வந்ததும் பழைய மோட்டாரைப் போட்டோம். இருநூறு லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, போனில் நேரம் பார்த்தோம். ஐம்பத்து மூன்று வினாடியில் நிறைந்தது. மூன்று முறை நிறைத்தோம். மூன்று முறையும் ஒரு வினாடிகூட முன்பின் ஆகவில்லை. மணிக்குப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர். விஞ்ஞானம் என்றால் இதுதான் என்று மாணவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

"மேடம், இன்னும் சொல்ப நேரம் பாருங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

அப்போது மூன்று விஷயங்கள் ஒன்றாக நடந்தன. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். வீட்டிலிருந்து களியும் அவரைக்கொட்டைச் சாறும் தயார் என்று மணம் வந்து சொன்னது. அந்த அம்மாளின் போனில் சேவல் கூவியது. அவர் போனை அமுக்கிவிட்டு, ஓட்டமாகப் போய் மோட்டாரை நிறுத்தினார். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறார், அதற்கான அலாரம் என்று நினைத்துக்கொண்டு நான் களியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு உருண்டை சாப்பிட்டேன். என் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறை நான் வாய் நிறையச் சாற்றோடு செய்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் பேரம் தொடங்கியது.

"மூணு ஹெச்.பி.யா?" விவசாயியின் மீசை துடித்தது. "எம் மச்சான் பக்கத்து ஊர்ல ஏழரை போட்டிருக்கான். நான் மூணு போட்டா அவன் என்ன எப்பிடிப் பாப்பான்?"

"அவருக்கு எவ்வளவு நிலம்?"

"அது கேக்காதீங்க மேடம். ஏழரை போடுங்க."

"அண்ணா, பெருசாப் போட்டா உங்க பங்குக் காசும் ஜாஸ்தி ஆகும். மூணுன்னா எண்பதாயிரம். மோட்டார் எரியற செலவு மிச்சத்துல நாலரை வருஷத்துல திரும்பிடும்."

"திரும்பட்டும், திரும்பாட்டி போவட்டும். மானம் போனா திரும்புமா?"

தக்காளிக்கடையில் பேசுவதுபோல ஏழரையிலிருந்து அவரும் மூன்றிலிருந்து நானும் நகர்ந்து ஐந்தில் நின்றோம். பொறியியலில் இப்படி ஒரு முறை இருப்பதாக எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. அவர் பங்கு ஒன்றேகால் லட்சமானது. நாலரை வருஷம் ஏழு வருஷமானது. அந்த இரண்டரை வருஷம் முழுக்க மச்சான் கணக்கு. நான் ஏன் இறங்கிவந்தேன் என்றால், போர்வெல்தான் மணிக்குப் பதின்மூவாயிரம் கொடுக்கிறதே, ஐந்து போட்டாலும் வற்றாது என்ற தைரியம்.

மார்ச் மாதம் பம்பு வந்தது. பழைய மோட்டாரைச் சங்கிலி போட்டு மேலே தூக்கிக் கொட்டகையில் படுக்கவைத்துவிட்டுப் புதியதை இறக்கினார்கள். திறப்புவிழாவுக்குப் பந்தல், மைக், நீர்மோர். பூசணிக்காய் உடைத்தார்கள். சொந்தத் தோட்டத்து ரோஜாவில் ஆள் கனத்துக்கு மாலை கட்டிப் பேனல்களின் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பேனலுக்கும் சந்தனம், குங்குமம். பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்கும் ஒரு மாலை. மச்சான் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் பீறிட்டுத் தொட்டியின் எதிர்ச்சுவரில் அடித்தது. விவசாயி மீசையைத் தடவிக்கொண்டார். டைரக்டர் மைக்கைப் பிடித்தார். "இந்த வற்றாத ஊற்றைப் போல நம் மையமும்" என்று அவர் ஆரம்பித்தபோது தண்ணீர் இரும ஆரம்பித்தது. அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பிவிட்டு நின்றுவிட்டது.

பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குப் பதில் தயாராக இருந்தது.

"மாலைதான் காரணம்!" என்று மைக்கிலேயே அறிவித்தேன். "பேனலில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கப் பாதிக்கும். எல்லாப் பூவையும் எடுங்கள்!"

நான் சொன்னது பாடப்படி சரிதான். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்று நிழலில் இருந்தால் மொத்த மின்சாரமும் குறையும். மாணவர்கள் பாய்ந்து மாலைகளை உருவினார்கள். ஒருத்தி குங்குமத்தை ஈரத்துணியால் துடைக்க, வயதான உறவுக்காரர்கள் அபசகுனம் என்று முணுமுணுத்தார்கள். பேனல்கள் பளபளவென்று நின்றன. தண்ணீர் வரவில்லை.

காயில்காரர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "மேடம், அந்த டப்பா மேல ஒரு மால கீது. அத்தத் தூக்கிட்டு எழுத்தப் படிங்க."

தூக்கினேன். கன்ட்ரோலர் திரையில் சிவப்பாக எழுதியிருந்தது, பம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை, பாதுகாப்புக்காக நிறுத்தியிருக்கிறேன் என்று. வெயிலுக்கு ஒரு குறையும் இல்லை. குறை கீழே, போர்வெல்லில்.

பத்தரைக்குப் பம்பு ஓடத் தொடங்கியபோது போர்வெல் ஈடுகொடுத்தது. வெயில் ஏற ஏறப் பம்பும் வேகம் பிடித்தது. ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகமாகிப் பதினோரு மணிக்கு உள்ளே காலி. அரை மணி கழித்து அதுவாகவே ஓடியது, கொஞ்ச நேரத்தில் நின்றது. இப்படியே சாயங்காலம் வரை. தொட்டி பாதிகூட நிறையவில்லை.

"சக்கத்தா, சூப்பரா இருக்கு மாமா, உங்க சோலாரு" என்றார் மச்சான், மோரைக் குடித்துக்கொண்டே.

விவசாயி என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "ஞாயித்துக்கிழம சங்கிலி ஆளுங்கள வரச்சொல்லிட்டேன் மேடம். இத்த மேல எடுத்துட்டு பழைய மோட்டார எறக்கிடறேன். அது ரெண்டு இஞ்சு முழுசாத் தண்ணி குடுத்துச்சு. எரிஞ்ச நாளத் தவிர ஒரு நாள் நின்னதில்ல."

அவருக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தார். அன்றிரவு போனை அணைத்துவிட்டுத் தூங்குவதாகத் திட்டம் வைத்திருந்தவர், இப்போது இடுப்பிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். அது என்னை அடித்ததுபோல் இருந்தது. டைரக்டர் என்ன சொல்வார், இரண்டாவது வகுப்பு கிடைக்குமா என்பதெல்லாம் அப்போது மனதிலேயே இல்லை. வாய் கூசாமல் கேரண்டி கொடுத்துவிட்டு அந்த அம்மாளை மறுபடி நள்ளிரவுக்கு அனுப்பப் போகிறேன். வேனில் ஏறியதும் அழுதேன். தூசி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை காயில்காரரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். விவசாயி மார்க்கெட்டிலிருந்து திரும்பவில்லை. அந்த அம்மாள் பூ கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பழைய மோட்டார்ல ஒரு நாளும் தண்ணி நடுவுல நின்னதில்லையா? நிஜமாவா?"

"நிக்க விட்டாத்தானே? அது மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே நான் ஆஃப் பண்ணிடுவேன்."

"எப்பிடித் தெரியும், எப்ப ஆஃப் பண்ணணும்னு?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். அலாரப் பட்டியல். பன்னிரண்டு, பன்னிரண்டு இருபத்திரண்டு, ஒன்று பத்து, ஒன்று முப்பத்திரண்டு, இரண்டு இருபது, இரண்டு நாற்பத்திரண்டு, மூன்றரை, மூன்று ஐம்பத்திரண்டு. ராத்திரிக்கு மட்டும் எட்டு. ஒன்றுவிட்டு ஒன்று மோட்டார் போட, நிறுத்த. கடைசியை நிறுத்தும்போது கணவர் வண்டி ஏறிக்கொண்டிருப்பார். பகல் கரண்டுக்கும் அதே இருபத்திரண்டு நிமிடம்தான். அன்று நான் களி சாப்பிடப் போனபோது கூவிய சேவல் அதுதான்.

"இருவத்திரெண்டு நிமிசம் ஓட்டணும். நாப்பத்தெட்டு நிமிசம் விடணும், ஊறும். மொத வருசம் தண்ணியில்லாம ஓடி ரெண்டு மோட்டாரு எரிஞ்சப்புறம் கத்துக்கிட்டேன்."

"அண்ணாவுக்கு இது தெரியாதா?"

"அவரு தூங்குவாரு. எழுந்தா தொட்டி ரொம்பியிருக்கும். போர்வெல்லு சூப்பர்னு ஊரெல்லாம் சொல்லிக்குவாரு."

"எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னேனே. இன்னும் சொல்ப நேரம் பாருங்கன்னேன். நீங்க களி துன்னப் போயிட்டீங்க."

காயில்காரர் திரும்பி நின்றுகொண்டார். தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

நான் வரப்பிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு நிமிடத்தில் கிட்டத்தட்ட ஐயாயிரம் லிட்டர் வெளியே வருகிறது. அது திரும்ப ஊறி நிறைய, ஓடியதும் ஓய்ந்ததும் சேர்த்து எழுபது நிமிடம். ஆக அந்தப் போர்வெல் தொடர்ந்து கொடுக்கக்கூடியது மணிக்கு நாலாயிரத்து இருநூறு லிட்டர். நான் அளந்த பதின்மூவாயிரம் போர்வெல்லின் வருமானம் இல்லை. அது சேமிப்பு. விடியலிலிருந்து ஓய்ந்து நிறைந்திருந்த குழாயில் முதல் பத்து நிமிடத்தை அளந்துவிட்டு நான் விஞ்ஞானம் பேசியிருக்கிறேன். சரியாக அளக்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் ஓடவிட்டு நீர்மட்டம் ஓரிடத்தில் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை இந்த அம்மாள் பதினோரு வருஷமாகத் தினமும் செய்துகொண்டிருக்கிறார், அரைத் தூக்கத்தில்.

பிறகு நாலாயிரத்து இருநூறை நல்ல வெயில் இருக்கும் ஏழு மணி நேரத்தால் பெருக்கிப் பார்த்தேன். இருபத்தொன்பதாயிரத்து நானூறு. தோட்டத்துக்கு வேண்டியது முப்பதாயிரம். இன்னும் பத்து நிமிடம் ஓடினால் போதும். வரப்பிலிருந்து எழுந்து அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் கையிலிருந்த கூடை கவிழ்ந்தது.

"பம்பு பெருசா இருந்தா என்ன? மெதுவா ஓட்டினாப் போச்சு" என்றார் காயில்காரர்.

கன்ட்ரோலரில் மோட்டாரின் உச்ச வேகத்தைக் குறைத்துவைக்க வழி உண்டு. ஐம்பது ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினோம். டிரம்மை வைத்து அளப்போம், காத்திருப்போம், மறுபடி அளப்போம். நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் டிரம் நிறைய மூன்று நிமிடம் எடுத்தது. மணிக்கு நாலாயிரம். அங்கேயே நிறுத்திவிட்டு மூன்று பேரும் பேனல் நிழலில் உட்கார்ந்தோம். உச்சி வெயிலிலும் தண்ணீர் இருமவில்லை. இன்னொரு லாபமும் கிடைத்தது. மச்சானுக்காகப் போட்ட அதிகப்படி பேனல்கள் இருந்ததால், இந்த மெதுவான ஓட்டத்துக்குச் சாயங்கால வெயிலே போதும். பம்பு ஐந்து மணி வரை நிற்கவில்லை. அன்று களி வந்தபோது நான் டிரம்மைவிட்டு அசையவில்லை. தட்டை அங்கேயே கொண்டுவரச் சொல்லி, ஒரு கண் குழாய்மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

விவசாயி வந்து குழாயைப் பார்த்தார். "என்ன மேடம் இது, எங்க வீட்டுப் பாத்ரூம் குழாய் மாதிரி வருது. மச்சான் பாத்தா நான் தூக்குல தொங்கணும்."

"ரெண்டு நாள் பாருங்கண்ணா. ஞாயித்துக்கிழமை உங்க இஷ்டம்."

"பேஜாரு மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனைவி மட்டும் சொன்னார், "இன்னிக்கு ராத்திரி நான் எழுந்திரிக்கப் போறதில்ல. எழுந்தாலும் கொட்டகையில கெடக்கற மோட்டார என்ன பண்ண முடியும்?"

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனேன். சங்கிலி ஆட்கள் மூன்று பேர் முக்காலியை நிறுத்தி, கப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டியைச் சுற்றிச் சேறாக இருந்தது. தொட்டி உடைந்துவிட்டதோ என்று சுவரைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். உடையவில்லை. இரண்டு நாளில் செடிக்குப் பாய்ந்தது போகத் தொட்டி நிரம்பி வழிந்திருந்தது. விவசாயி அந்தச் சேற்றில் நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சின்னத் தண்ணியா இத்தனை ரொம்பிச்சு?"

"ஆமாண்ணா."

"ராத்திரி யாரும் எழுந்திரிக்கலியே."

"இல்லண்ணா."

அவர் குனிந்து தொட்டித் தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்தார். பிறகு சங்கிலி ஆட்களைப் பார்த்து, "வந்ததுக்கு ஒரு வேல பண்ணுங்க" என்றார். முழங்கால் அளவு குழாய் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, வெளியே தெரிந்துகொண்டிருந்த குழாய் வாயோடு சேர்த்து நீட்டித் தொட்டித் தண்ணீருக்குள் முங்கும்படி வைத்தார். தண்ணீர் தடிமனா மெலிசா என்று இனி யாருக்கும் தெரியாது. மச்சானுக்குத் தொட்டி நிறைந்திருப்பது மட்டும்தான் தெரியும். எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினார்.

டைரக்டர் இரண்டாவது வகுப்புக்கு ஒப்புக்கொண்டார். பூஜ்யத்தால் வகுக்கும் தாளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். அதில் முதல் கேள்வி, இரவில் மோட்டார் போடுவது யார் என்பது. அவரைப் பார்க்காமல் யாரும் டிரம்மைத் தொடக்கூடாது என்றும் எழுதிவைத்தேன்.

அந்த வகுப்பைச் செப்டம்பரில் அதே தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். காலை வெயிலில் பம்பு எப்போது கிளம்புகிறது என்று காட்ட எட்டு மணிக்கே போய்விட்டோம். வேன் டிரைவர் வழக்கம்போல வாசலில் ஹாரனில் கை வைக்கப் போனார். வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த விவசாயி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மார்க்கெட்டில் அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கிற குரல் அவருடையது. அன்று அவர் பேசியது எனக்கே காதை நீட்டினால்தான் கேட்டது.

"சத்தம் போடாதீங்க மேடம். தூங்கறா."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கறவ இப்ப எட்டரை, ஒம்போதுன்னு தூங்கறா. ஆறு மாசமா இப்படித்தான்."

புதிய மாணவன் ஒருவன் கையில் நோட்டோடு, தாளில் இருந்தபடியே ஆனால் அவனும் கிசுகிசுத்துக் கேட்டான், "சார், போட்டது எத்தனை வருஷத்துல திரும்பும்?"

"காசா? மேடம் ஏழு வருசம்னாங்க." அவர் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "இவளுக்கு நான் பதினோரு வருசம் குடுக்கணும். இப்பத்தான் ஆறு மாசம் போயிருக்கு."

அவன் எழுதவில்லை. பம்பு கிளம்பியதைத் தொட்டியின் அருகே போய்ச் சத்தமில்லாமல் பார்த்தோம். திரும்பும்போது டிரைவரே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றார். இருபது பேரும் செருப்பைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, வேனைத் தார்ச்சாலை வரை தள்ளிக்கொண்டு போனோம்.